புது போன் வாங்கியாச்சா? பழைய போனைக் கொடுப்பதற்கு முன் கேமைத் திறந்து இதைப் பாருங்கள்!

தீபாவளி போனஸ் கைக்கு வந்ததும் ஆம்பூர் பஜாரில் செல்போன் கடைகள்தான் களைகட்டும். ஷூ கம்பெனிகளிலும் தோல் ஷாப்களிலும் வேலை பார்க்கும் பலருக்கு, பழைய போனைக் கொடுத்து எக்ஸ்சேஞ்சில் புதுசு எடுக்க அதுதான் தோதான நேரம். போட்டோ, வாட்ஸ்அப், போன் நம்பர்கள் எல்லாம் மாறிவிட்டனவா என்று கவுன்ட்டரிலேயே ஒருமுறை சரிபார்ப்பார்கள். கேமை மட்டும் யாரும் கேட்பதில்லை. வீட்டில் இருக்கும் பையனுக்கோ, அது இரண்டு மூன்று வருட உழைப்பு!

ஆம்பூரில் அப்படி ஒரு வீட்டில் பேசினோம். அம்மாவுக்கு ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கும் வேலை. மகன் ப்ளஸ் ஒன் படிக்கிறான், ‘ஃப்ரீ ஃபயர் மேக்ஸ்’ ஆடுகிறான். மூன்று வருடம் முன்பு முதல்முறை கேமைத் திறந்தபோது எந்த லாகின் என்று கேட்டிருக்கிறது. பேஸ்புக், கூகுள் என்று வரிசையாக இருந்தாலும் பாஸ்வேர்டு எதுவும் கேட்காத ‘Guest’ பட்டனைத்தான் தட்டியிருக்கிறான். பெரும்பாலானவர்கள் செய்வதும் அதைத்தான்.

அந்தப் பட்டன் என்ன செய்கிறது என்று புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் சுலபம். உங்கள் லெவல், வாங்கிய உடைகள், டைமண்ட் எல்லாம் உண்மையில் போனில் இல்லை, கேம் நிறுவனத்தின் சர்வரில் இருக்கின்றன. அந்தப் பெட்டகத்தைத் திறக்கும் சாவி எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி. கூகுள் அல்லது பேஸ்புக் மூலம் நுழைந்தால் அந்த லாகின்தான் சாவி. அதை எந்த போனுக்கும் எடுத்துப் போகலாம். கெஸ்ட்டாக நுழைந்தால் சாவி அந்த போனுக்குள்ளேயே ஒரு சின்ன ஃபைலாக உட்கார்ந்திருக்கும். போனை ரீசெட் செய்தால் சாவி போச்சு. பெட்டகம் சர்வரில் பத்திரமாக இருக்கும், ஆனால் அது உங்களுடையது என்று நிரூபிக்க வழி இருக்காது. தொலைந்த கெஸ்ட் கணக்கை மீட்டுத் தர முடியாது என்பதுதான் ஃப்ரீ ஃபயரை நடத்தும் கரீனாவின் நிலைப்பாடு.

பழைய ஆண்ட்ராய்டு போன்களில் ஃப்ரீ ஃபயரின் அந்தச் சாவியை com.garena.msdk என்ற ஃபோல்டரில் guest100067.dat என்ற பெயரில் பார்க்கலாம். ‘அந்த ஃபைலை அனுப்பு, நான் லெவல் ஏற்றித் தருகிறேன்’ என்று யாராவது கேட்டால், கணக்கையே கேட்கிறார்கள் என்று அர்த்தம்.

நம் பையனின் கதைக்கு வருவோம். புது போன் வந்ததும் கேமை இறக்கி, இந்த முறை விவரமாக ‘கூகுள்’ பட்டனைத் தட்டினான். கேம் திறந்தது. ஆனால் லெவல் 1! பெயர் வைக்கச் சொல்லிக் கேட்டது. “மூணு வருஷம் ஆடினது எல்லாம் போச்சுன்னு நெனச்சு அழுதுட்டேன் அண்ணா” என்கிறான். அம்மாவுக்கு முதலில் விஷயமே புரியவில்லை. “கேம்தானே, திரும்ப ஆடேன்டான்னு சொன்னேன். அன்னைக்கு ராத்திரி சாப்பிடவே இல்லை தம்பி. அப்புறம்தான், இது ஏதோ பெரிய விஷயம்போலன்னு தோணுச்சு.”

நல்லவேளையாக, பழைய போனைத் தங்கைக்கு என்று வீட்டிலேயே வைத்திருந்தார்கள். அதில் கெஸ்ட் கணக்கு அப்படியே இருந்தது. உடனே அதன் செட்டிங்ஸில் போய் கணக்கை கூகுளோடு இணைக்கப் பார்த்தான். முடியவில்லை. இந்த இடத்தில்தான் நிறைய பேர் தடுக்கி விழுகிறார்கள். ஒரு கூகுள் கணக்குக்கு ஒரு ஃப்ரீ ஃபயர் கணக்குதான். புது போனில் அவசரப்பட்டு கூகுளைத் தட்டியபோதே அந்த ஜிமெயிலில் ஒரு புது லெவல் 1 கணக்கு பிறந்துவிட்டது. இடம் ஏற்கெனவே நிரம்பிவிட்டதால் பழைய கணக்கை அதில் சேர்க்க முடியாது.

வழி இருந்தது. தன் பெயரில் இன்னொரு ஜிமெயில் திறந்து, அதை வைத்து எந்த கேமையும் தொடாமல், பழைய போனில் இருந்த கெஸ்ட் கணக்கை அதோடு இணைத்தான். பிறகு புது போனில் லெவல் 1 கணக்கிலிருந்து லாக் அவுட் செய்து, புது ஜிமெயிலில் நுழைந்தான். எல்லாம் வந்துவிட்டது. அதாவது முதலில் பழைய போனில் இணைக்க வேண்டும், பிறகுதான் புது போனில் திறக்க வேண்டும். இந்த வரிசை மாறியதுதான் அவன் பட்ட பாட்டுக்கெல்லாம் காரணம்.

வந்தது சரியான கணக்குதானா என்று தெரிந்துகொள்ளப் பெயரை நம்ப வேண்டாம், பெயரை மாற்றிக்கொள்ளலாம். புரொஃபைலில் UID என்று ஒரு நீண்ட எண் இருக்கும். பழைய போனில் அதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, புது போனில் அதே எண் தெரிகிறதா என்று பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்த பிறகு பழைய போனை ரீசெட் செய்யலாம். எக்ஸ்சேஞ்சில் போன் வாங்குபவர்களுக்கு இது இன்னும் முக்கியம். கடையில் உங்கள் கண் முன்னாடியே ரீசெட் போட்டுவிடுவார்கள். அதனால் இணைக்கும் வேலையை வீட்டிலேயே முடித்துவிட்டுக் கிளம்புங்கள். ‘டேட்டா காப்பி’ ஆப்பில் எல்லாம் வந்துவிடும் என்றும் நம்பி இருக்காதீர்கள். கேமின் ஐகான் வந்துவிடும், உள்ளே இருந்த கெஸ்ட் சாவி வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

சரி, யாருடைய லாகினில் இணைப்பது? என்னைக் கேட்டால், இணைப்பதைவிட இதில்தான் அதிகம் யோசிக்க வேண்டும். பல வீடுகளில் போனில் இருக்கும் ஜிமெயில், வாங்கிய அன்று கடைக்காரத் தம்பி அவசரமாகத் திறந்து கொடுத்தது. பாஸ்வேர்டு வீட்டில் யாருக்கும் தெரியாது. அதில் இணைத்தால் சாவியை ஒரு பூட்டிய பெட்டியில் போட்டதுபோலத்தான். பேஸ்புக்கிலும் இதே ஆபத்து உண்டு. கணக்கு திறந்த நம்பரை இப்போது பயன்படுத்துகிறீர்களா? 90 நாள் பயன்படுத்தாத ப்ரீபெய்டு சிம்மை நிறுவனம் முடக்கலாம். பிறகு அந்த நம்பர் வேறொருவருக்குப் போய்விடும், உங்கள் ஓடிபியும் அவருக்குத்தான் போகும். இணைப்பதற்கு முன் அந்த லாகினை ஒருமுறை பாஸ்வேர்டு போட்டுத் திறந்து பார்த்துவிடுவது நல்லது.

லாகின் கையில் இருந்தவர்கள் போன் மாறியபோது மட்டுமல்ல, கேமே மாறியபோதும் தப்பித்தார்கள். 2020 செப்டம்பரில் பப்ஜி மொபைல் தடை செய்யப்பட்டது. அடுத்த ஜூலையில் பிஜிஎம்ஐ வந்தபோது, பேஸ்புக் போன்ற கணக்கில் இணைத்திருந்தவர்கள் பழைய சேமிப்பைப் புது கேமுக்குக் கொண்டுவர முடிந்தது. 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயர் தடையானபோதும், அதே லாகினோடு மேக்ஸில் நுழைந்து விட்ட இடத்திலிருந்து ஆடினார்கள்.

கம்பெனி வேனில் போகும்போது ‘கேண்டி க்ரஷ்’ ஆடும் அம்மாக்களுக்கும் ஒரு வார்த்தை. அதிலும் கிங் கணக்கிலோ பேஸ்புக்கிலோ இணைத்தால்தான் லெவல் கூடவே வரும். ஆனால் எல்லாமே வந்துவிடாது. லைஃப், பூஸ்டர் போன்றவை அந்த போனிலேயே தங்கிவிடும். சேர்த்து வைத்த பூஸ்டர் இருந்தால், போனை மாற்றுவதற்கு முந்தின நாளே விளையாடித் தீர்த்துவிடுங்கள்.