தேன் பாட்டிலோடு ஒட்டிக்கொண்ட கரண்டி

‘பளபளக்கும் கறுப்பு மேசையில் தேன் பாட்டில், கரண்டி, எலுமிச்சை’ என்று எழுதி விளம்பரப் படம் கேட்டால், கரண்டியின் காம்பு பாட்டிலுக்குள் கரைந்து போகலாம். மேலே ஒரு எலுமிச்சை இருக்க, மேசையின் பிரதிபலிப்பில் இரண்டு தெரியலாம்.

ஸ்டேபிள் டிஃப்யூஷன் போன்ற மாதிரிகள் பொருள்களைத் தனித்தனியே செய்து அடுக்குவதில்லை. வெறும் புள்ளி இரைச்சலில் தொடங்கி, படம் முழுவதையும் ஒரே நேரத்தில் படிப்படியாகத் தெளிவாக்குகின்றன. அதன் முதல் பதிப்புகளில் 512 பிக்சல் அகலப் படம், உள்ளே 64 கட்டங்களாகச் சுருங்கிவிடும். மெல்லிய காம்பும் பாட்டில் விளிம்பும் ஒரே கட்டத்தில் விழுந்தால் எல்லை குழம்புகிறது. இரண்டும் ஒரே நிறமென்றால் இன்னும் மோசம்.

பிரதிபலிப்பின் கதை வேறு. ஒளி எங்கே பட்டு எங்கே திரும்புகிறது என்று மாதிரி கணக்கிடுவதே இல்லை. பார்த்துப் பழகிய படங்களின் சாயலில் ஒன்றை வரைந்துவிடுகிறது.

அதே கோரிக்கையை இப்படி மாற்றலாம்: ‘நடுவில் ஒரே ஒரு கண்ணாடித் தேன் பாட்டில். இடப்பக்கம், இடைவெளி விட்டு, மரக்கரண்டி. வலப்பக்கம் ஒரு முழு எலுமிச்சை. பளபளப்பில்லாத கல் மேசை; இடப்புற ஜன்னலிலிருந்து மென்மையான வெளிச்சம்.’ இடைவெளியும் வேறு நிறமும் ஒட்டுதலைக் குறைக்கின்றன. மங்கலான மேசை, தவறாகப் பிரதிபலிக்கும் வாய்ப்பையே பெரும்பாலும் எடுத்துவிடுகிறது. ‘பிரதிபலிப்பு வேண்டாம்’ என்பதைவிட ‘கல் மேசை’ என்பதே பலன் தரும். மறுப்புச் சொல்லைப் பல மாதிரிகள் சரியாகப் பிடிப்பதில்லை. பெயர் சொன்ன பொருளே படத்தில் வந்து நிற்கும்.

இவ்வளவு எழுதியும் சில படங்கள் பிசகும். ஒவ்வொரு பொருளின் விளிம்பையும் விரலால் தொடர்ந்து பார்த்தால், ஒட்டிய இடம் உடனே அகப்படும்.