பக்கத்து நிலையம் பேசினால் எழும் இரைச்சல்

7.100 மெகாஹெர்ட்ஸில் ஓர் அமெச்சூர் வானொலியின் மெல்லிய குரலைக் கேட்கிறோம். ரிசீவருக்குள் ஒரு ஆசிலேட்டர் 52.100 மெகாஹெர்ட்ஸில் அலை எழுப்ப, இரண்டும் கலந்து 45 மெகாஹெர்ட்ஸ் பிறக்கிறது. அதைத்தான் ஃபில்டர் வடிகட்டித் தருகிறது.

அந்த ஆசிலேட்டரைப் பிடித்து நிறுத்துவது பி.எல்.எல். சுற்று. அலையை 52,100-ஆல் வகுத்து, கிரிஸ்டலிலிருந்து வரும் 1 கிலோஹெர்ட்ஸுடன் ஒப்பிட்டு, பிந்தினாலும் முந்தினாலும் மின்னழுத்தத்தால் திருத்துகிறது. ஆனால் இந்தத் திருத்தம் மெதுவானது. வேகமான நடுக்கங்கள் தப்பிவிடுகின்றன. அதனால் ஆசிலேட்டரின் அலை ஒற்றைக் கோடாக இல்லாமல், இருபுறமும் மங்கலான இரைச்சல் பாவாடையுடன் நிற்கிறது.

20 கிலோஹெர்ட்ஸ் தள்ளி, நம் குரலைவிட 100 கோடி மடங்கு வலுவான நிலையம் பேசத் தொடங்கட்டும். அந்தத் தொலைவில் பாவாடை, ஒரு ஹெர்ட்ஸுக்கு ஆசிலேட்டர் ஆற்றலில் லட்சம் கோடியில் ஒரு பங்கு என்று வைப்போம். 2.4 கிலோஹெர்ட்ஸ் அகலத்துக்கு அது சுமார் 40 கோடியில் ஒரு பங்கு. வலுவான அலை அந்த இரைச்சலோடு கலந்து சரியாக 45 மெகாஹெர்ட்ஸில் விழுகிறது. நம் குரலைவிட இரண்டரை மடங்கு. எவ்வளவு கூர்மையான ஃபில்டரும் இங்கே உதவாது.

கண்டுபிடிப்பது எளிது. பக்கத்து நிலையம் பேசும்போது மட்டும் சொற்களற்ற 'உஸ்' ஒலி உயரும். அட்டென்யுவேட்டரைப் போட்டால் குரலும் இரைச்சலும் சேர்ந்தே குறையும்.