பிரிண்டரிலிருந்து தாள் ஏன் சுருண்டு வருகிறது?

ஐப்பசி, கார்த்திகை மழை பிடித்துக்கொண்டதும் சென்னை ஜெராக்ஸ் கடைகளில் ஒரு தொல்லை தலைகாட்டும். நேற்றுவரை தட்டையாக வந்த தாள், இன்று லேசர் பிரிண்டரிலிருந்து குழாய்போலச் சுருண்டு வந்து விழும். இருபுறமும் அச்சிட்டால் பாதியில் சிக்கி ஜாம் ஆகும். உடனே எல்லோரும் மெஷினைச் சந்தேகிக்கிறார்கள். மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் பார்க்கவேண்டியது தாளை. இன்னும் சரியாகச் சொன்னால், தாளுக்குள் இருக்கும் தண்ணீரை.

காய்ந்ததாகத் தோன்றும் தாளிலும் தண்ணீர் உண்டு. 80 ஜிஎஸ்எம் ஏ4 தாள் ஒன்றின் எடை ஏறக்குறைய 5 கிராம். ஆலையிலிருந்து வரும்போது அதில் சுமார் 5 சதவீதம் ஈரம் இருக்கும். 500 தாள் கொண்ட ஒரு ரீம் இரண்டரைக் கிலோ என்றால், அதற்குள் 125 கிராம் தண்ணீர் இருக்கிறது. காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டும் நாட்களில் பிரித்துப் போட்ட தாள் இதைப்போல இரண்டு மடங்கு வரை தண்ணீர் குடிக்கும். கையில் எடுத்தால் தெரியாது. தட்டிப் பார்த்தால் மட்டும் சடசடப்பு கொஞ்சம் குறைந்திருக்கும்.

இந்தத் தாள் பிரிண்டருக்குள் போகிறது. டோனர் என்பது நுண்ணிய பிளாஸ்டிக் பொடி. அதை உருக்கித் தாளில் ஒட்டவைப்பது பியூசர். அங்கே வெப்பம் 180, 200 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும். தாளின் ஒரு முகம் சூடான உருளையைத் தொடுகிறது, மறுமுகம் அவ்வளவு சூடில்லாத அழுத்த உருளையைத் தொடுகிறது. ஒரு நொடிக்கும் குறைவான நேரம்தான். அதற்குள் ஈரம் ஆவியாகிறது, ஆனால் இரு முகங்களிலிருந்தும் சமமாகப் போவதில்லை. தண்ணீரை இழந்த நார் சுருங்கும். எந்த முகம் அதிகம் சுருங்குகிறதோ அந்தப் பக்கமாகத் தாள் வளையும். தாளில் ஈரம் கூடக்கூட இழக்கும் தண்ணீரும் கூடுகிறது, வளைவும் கூடுகிறது. மழைக்காலத்தில் தொல்லை பெரிதாவது இதனால்தான். கறுப்பு நிரம்பிய படங்களை அச்சிட்டால் இன்னொன்றும் சேரும். உருகிய டோனர் ஆறும்போது தானும் சுருங்கி, அச்சிட்ட பக்கமாகத் தாளை இழுக்கும்.

வளைவு எந்தத் திசையில் விழும் என்பதைத் தாளின் நார் தீர்மானிக்கிறது. ஆலையில் காகிதக் கூழ் ஓடும் வலைமேல் பாயும்போது நார்களில் பெரும்பாலானவை ஓட்டத்தின் திசையிலேயே படுத்துக்கொள்கின்றன. ஈரம் ஏறினால் ஒரு நார் நீளுவது மிகக் குறைவு, பருப்பதுதான் அதிகம். அதனால் தாளும் நாரோட்டத்துக்குக் குறுக்கே பல மடங்கு அதிகமாக விரியும், சுருங்கும். கடைகளில் கிடைக்கும் ஏ4 தாளில் பெரும்பாலும் நாரோட்டம் நீளவாட்டில், அதாவது 297 மில்லிமீட்டர் பக்கத்துக்கு இணையாக இருக்கும். சந்தேகம் இருந்தால் ஒரு சதுரத் துண்டை வெட்டி, ஒரு முகத்தில் மட்டும் ஈரத் துணியைத் தடவிப் பாருங்கள். துண்டு உருண்டு ஒரு குழாயாகும். அந்தக் குழாய் நீளும் திசைதான் நாரோட்டம்.

இது தெரிந்தால் சுருண்ட தாளைப் பார்த்தே காரணத்தைப் பெருமளவு பிரித்துவிடலாம். தாளை மேசையில் வையுங்கள். நீளமான இரண்டு ஓரங்களும் எழும்பி நின்றால் அது ஈரத்தின் வேலை. குட்டையான ஓரம், அதாவது பிரிண்டருக்குள் முதலில் நுழைந்த முனையோ கடைசி முனையோ எழும்பியிருந்தால், சூட்டோடு சூடாக உருளைகளைச் சுற்றி வளைந்து வெளியேறும் பாதையைச் சந்தேகிக்கலாம். பின்புறக் கதவைத் திறந்து தாளை நேராக வெளியேவிடும் வசதி பல பிரிண்டர்களில் உண்டு. அப்படி விட்டதும் வளைவு குறைந்தால் சந்தேகம் உறுதி. ஓரங்கள் சுருளாமல் அலையலையாக நெளிந்திருந்தால் அது வேறு சங்கதி. அடுக்கின் விளிம்பு மட்டும் ஈரம் குடித்து விரிந்திருக்கிறது, நடுப்பகுதி அப்படியே இருக்கிறது.

ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். மாணவர் ஒருவர் 60 பக்கப் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டை இருபுறமும் அச்சிடக் கொடுத்திருக்கிறார். கடை தெருவைப் பார்த்தபடி திறந்து கிடக்கிறது, மழை தூறுகிறது. காலையில் ஷட்டரைத் தூக்கி முதலில் அடித்த பத்துப் பதினைந்து தாள்கள் மோசமாகச் சுருண்டன, பிறகு வந்தவை பரவாயில்லை. காரணம் இதிலேயே வெளிப்பட்டுவிட்டது. இரவு முழுக்க ட்ரேயில் கிடந்த அடுக்கில் மேல்தாள்கள்தான் காற்றைத் தொட்டுக்கொண்டிருந்தன. அச்சாகும்போது வெளியேறும் வாயில் மெல்லிய ஆவி கிளம்பினால் வேறு சாட்சியே வேண்டாம்.

இப்போது கடைக்காரர் செய்யவேண்டியது, ட்ரேயைக் காலிசெய்து புதிய ரீமைப் பிரித்து அதிலிருந்து ஐந்து தாள் அடித்துப் பார்ப்பது. அவை தட்டையாக வந்தால் மெஷினில் குறையில்லை. ரீமின் உறை வெறும் அலங்காரமல்ல, ஈரம் புகாதபடி உள்ளே பூச்சு பூசியது. வேண்டிய அளவு தாளை எடுத்தபின் மீதியை அதே உறையில் மடித்து டேப் ஒட்டி வைக்கலாம், மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில் போட்டால் இன்னும் நல்லது. ரீம்களைத் தரையிலும் வெளிச்சுவரை ஒட்டியும் அடுக்கக்கூடாது, பலகைமேல் படுக்கையாக வைக்கவேண்டும். ஏசி அறையில் குளிர்ந்த ரீமை வெளியே கொண்டுவந்த உடனே பிரித்தாலும் ஆபத்துதான், குளிர்ந்த தாளில் காற்றின் ஈரம் படியும். உறையோடு ஒரு நாள் வைத்துவிட்டுப் பிரிப்பது நல்லது. நனைந்ததை வெயிலில் காயவைக்கலாமே என்பார்கள். ஆலையில் இழுத்துப் பிடித்துக் காயவைத்த தாள் அது. ஒருமுறை ஈரம் ஏறினால் அந்த இறுக்கம் தளர்ந்துவிடும், மீண்டும் காய்ந்தாலும் பழைய தட்டைநிலைக்குத் திரும்பாது.

புதிய ரீமும் சுருண்டால் அடுக்கைப் புரட்டிப் போடவேண்டும். தாளின் இரு முகங்களும் அச்சு அசலாக ஒன்றல்ல, சுருங்கும் அளவும் வேறுபடும். ரீம் உறையில் சிலசமயம் அம்புக்குறி இருக்கும், முதலில் அச்சிடவேண்டிய முகத்தைக் காட்டுவது அது. பிரிண்டரின் வளைவும் தாளின் இயல்பான வளைவும் ஒரே பக்கம் சேர்ந்தால் தொல்லை இரட்டிப்பாகும், எதிரெதிராக அமைந்தால் ஒன்றை ஒன்று குறைக்கும். இங்கே பலரும் தவறுகிறார்கள். மேல்முனையைக் கீழ்முனையாகத் திருப்பி வைத்தால் முகம் மாறாது, அடுக்கையே கவிழ்க்கவேண்டும். கவிழ்த்தபின் ஐந்து தாள் அடித்து, மூலை எவ்வளவு எழும்புகிறது என்று ஸ்கேலால் அளந்து, குறைவாக எழும்பும் முகத்தையே வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது வெப்பம். பிரிண்டர் அமைப்பில் தாள் வகையை Plain என்பதிலிருந்து Light அல்லது Thin என மாற்றினால் பியூசர் சூடு குறையும். சில பிரிண்டர்களில் Reduce Paper Curl என்றே ஒரு தெரிவு உண்டு. மாற்றியபின் அச்சை விரலால் தேய்த்துப் பாருங்கள். எழுத்து உதிர்ந்தால் சூடு போதவில்லை, பழைய அமைப்புக்கே திரும்பவேண்டும்.

இத்தனைக்கும் பிறகு எதிரெதிர் மூலைகள் மட்டும் தூக்கி, தாள் முறுக்கிக்கொண்டு நின்றால் அது ஆலையிலேயே நார் கோணலாகப் படிந்ததன் விளைவு. சேமிப்பிலோ அமைப்பிலோ அதைச் சரிசெய்ய முடியாது. அந்த ரீமை ஒருபுறம் மட்டும் அச்சிடும் வேலைக்கு ஒதுக்கிவிட்டு, உறையிலோ பெட்டியிலோ இருக்கும் லாட் எண்ணைக் குறித்து, வேறு லாட் தரும்படி விற்றவரிடம் கேட்கலாம்.