தாமதத்தைத் தவறவிடாத தடம்

இணையத்தில் டிக்கெட் பதிவு செய்யும்போது நம் கோரிக்கை பல சர்வர்களைத் தொட்டுத் திரும்புகிறது. அந்தப் பயணக் குறிப்புக்குப் பெயர் டிரேஸ். எல்லாவற்றையும் சேமித்தால் செலவு தாங்காது; சிலவற்றை மட்டும் வைத்துக்கொள்கிறார்கள்.

10 லட்சம் கோரிக்கைகளில் 100 மட்டும் 8 விநாடி இழுக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஹெட் சாம்ப்ளிங் முறையில், கோரிக்கை நுழையும்போதே குலுக்கல் நடந்துவிடும். அது தாமதமாகுமா என்று அப்போது யாருக்குத் தெரியும்? நூற்றுக்கு ஒன்று என எடுத்தால், அந்த 100-ல் சராசரியாக ஒன்றுதான் மிஞ்சும்.

டெயில் சாம்ப்ளிங் முடியும்வரை காத்திருந்து முடிவெடுக்கிறது. 5 விநாடியைத் தாண்டியவை அனைத்தும், மற்றவற்றில் நூற்றுக்கு ஒன்றும் வேண்டும் என்று விதி எழுதலாம். நூறும் கிடைக்கும். ஆனால் அதுவரை எல்லாத் துண்டுகளும் கலெக்டரின் நினைவகத்தில் கிடக்க வேண்டும். கலெக்டர்கள் பல இருந்தால், ஒரே டிரேஸின் துண்டுகள் ஒரே இடத்துக்குப் போகும்படி டிரேஸ் ஐடி பார்த்துப் பிரித்தனுப்புவதும் கட்டாயம்.

பலர் சறுக்குவது காத்திருப்பு நேரத்தில்தான். ஓப்பன்டெலிமெட்ரி கலெக்டரில் `decision_wait` இயல்பாக 30 விநாடி. 40 விநாடி இழுக்கும் கோரிக்கையின் முதன்மைத் துண்டு, தீர்ப்பு முடிந்த பிறகே வந்து சேரக்கூடும். மிக மோசமான தாமதமே கைநழுவக்கூடும். சேமித்த டிரேஸ்களில் முதன்மைத் துண்டு அடிக்கடி காணாமல் போனால் இதைச் சந்தேகியுங்கள்.

அரிய தாமதத்தைத் தேடுபவர்களுக்கு டெயில் முறையே சரி. காத்திருப்பை உங்கள் டைம்-அவுட்டைவிடச் சற்றுக் கூடுதலாக வையுங்கள்.