கையெழுத்துக்கு முன் நான்கு பில்

ஈரோட்டில் ஆயத்த ஆடை மொத்த வியாபாரம் செய்யும் ஒருவர், கடைக்குப் புது பில்லிங் சாஃப்ட்வேர் செய்துதர ஒரு நிறுவனத்தோடு நாலு லட்சத்துக்குப் பேசி முடித்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நிறுவனம் ஆங்கிலத்தில் ஒரு வேலை ஆவணத்தை நீட்டும். ‘எஸ்ஓடபிள்யூ’ என்பார்கள். பணம் தரும் கட்டங்கள் அதில் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: முன்பணம் 30 சதவீதம், உருவாக்கும் வேலை முடிந்ததும் 40, பயன்பாட்டுக்கு வந்ததும் 30.

நடுக்கட்டம்தான் வில்லங்கம். உருவாக்கும் வேலை நடப்பது நிறுவனத்தின் அலுவலகத்தில். அது முடிந்ததா இல்லையா என்று முதலாளிக்குப் பார்க்க வழியில்லை. 1,60,000 ரூபாயை அவர்கள் சொல்லை நம்பித்தான் கொடுக்க வேண்டும். ஆகவே தமிழில் எழுதும்போது கட்டங்களைக் கடைக்குள் கொண்டுவந்துவிடுவது நல்லது. நாற்பதை இரண்டாகப் பிரிக்கலாம். கல்லாவில் பில் சரியாக விழுந்ததும் 20. பழைய கணக்கு புதியதில் ஏறி, பாக்கியும் சரக்கும் ஒத்துப்போனதும் இன்னொரு 20. ஒரு மாத வியாபாரம் முழுக்கப் புதியதிலேயே நடந்து, அதிலிருந்து எடுத்த விற்பனைக் கணக்கை ஆடிட்டர் சரி என்று சொன்னதும் கடைசி 30.

அடுத்தது, ‘சரியாக’ என்றால் என்ன? ஆங்கில ஆவணம் ‘ஜிஎஸ்டி விதிகளுக்கு உட்பட்ட பில்லிங்’ என்று ஒரே வரியில் முடித்துக்கொள்ளும். துணிக்கடைக்கு அந்த வரி போதாது. 2025 செப்டம்பர் 22 முதல், வரி சேர்க்காத விற்பனை விலை உருப்படிக்கு 2,500 ரூபாய் வரை உள்ள ஆடைக்கு 5 சதவீதம், அதைத் தாண்டினால் 18 சதவீதம். தப்பு நடந்தால் இந்த எல்லையில்தான் நடக்கும். அதனால் நான்கு பில்லை விடையோடு முன்கூட்டியே எழுதிவைக்கலாம்.

2,500 ரூபாய் சட்டை ஒன்றை ஈரோட்டுக் கடைக்கு விற்றால் வரி 125; மத்திய, மாநிலக் கணக்கில் 62.50 வீதம் பிரிந்து வர வேண்டும். 2,600 ரூபாய் சட்டைக்கு வரி 468, மொத்தம் 3,068. அதே 2,600 ரூபாய் சட்டைக்குப் பில்லிலேயே 5 சதவீதம் தள்ளுபடி கொடுத்தால் விலை 2,470 ஆகிவிடும். வரி 5 சதவீதத்துக்கு இறங்கி 123.50 வர வேண்டும். நான்காவது, முதல் சட்டையையே பெங்களூர் வியாபாரிக்கு அனுப்பும் பில். 125 ரூபாயும் ஐஜிஎஸ்டியாக ஒரே வரியில் நிற்க வேண்டும்.

மூன்றாவது பில்லைக் கவனியுங்கள். தள்ளுபடிக்கு முந்தைய விலையைப் பார்த்து வரியை முடிவுசெய்யும் சாஃப்ட்வேர் முதல் இரண்டு பில்லிலும் மாட்டாது, இதில் மாட்டும். விடைகளை ஆடிட்டரிடம் காட்டி, வேலை தொடங்கும் முன்பே இரு தரப்பும் ஒப்பமிட வேண்டும். செய்துமுடித்த பிறகு எழுதினால், திரையில் வந்த தொகையே சரியான விடை ஆகிவிடும்.

பழைய கணக்கை ஏற்றும் கட்டத்தில் ‘எல்லாத் தரவும் மாற்றப்பட்டது’ என்ற அறிக்கையால் பயனில்லை. மார்ச் 31 அன்று பழையதில் இருந்த மொத்தப் பாக்கி, புதியதில் பைசா சுத்தமாக வர வேண்டும். மொத்தம் ஒத்துப்போயும் ஒருவர் பாக்கி இன்னொருவர் பெயரில் ஏறியிருக்கலாம் என்பதால், முதலாளியே இருபது வாடிக்கையாளர்களைப் பொறுக்கி ஒவ்வொருவர் கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார் என்றும் எழுத வேண்டும். பொறுக்குவது நிறுவனமாக இருக்கக் கூடாது.

ஒவ்வொரு தமிழ் வரிக்கு நேரேயும் ஆங்கில ஆவணத்தின் பிரிவு எண்ணைப் போட்டுவிடுங்கள். எண் கிடைக்காத வரி, காசு பேசாத புது வேலை. அதை இப்போதே பேசித் தீர்க்கலாம். தமிழில் எந்த வரியும் வராத பிரிவு இருந்தால், அதைச் சோதிக்க யாருக்கும் வழியில்லை என்று பொருள்.

ஆங்கிலத்தில் கடைசிப் பக்கத்தில் ஒதுங்கிக் கிடக்கும் ஒரு பிரிவைத் தமிழில் முதல் பக்கத்துக்கே கொண்டுவர வேண்டும் என்பேன். ஒப்படைத்து இத்தனை நாளுக்குள் எழுத்தில் மறுப்புச் சொல்லாவிட்டால் ஏற்றுக்கொண்டதாகவே கருதப்படும் என்ற பிரிவு அது. ஏழு நாள் என்று போட்டு, தீபாவளிக்கு முந்தைய வாரம் ஒப்படைத்தால் எந்தத் துணிக்கடையிலும் யாரும் திரையைத் திறந்துகூடப் பார்க்கமாட்டார்கள். சோதனை பார்ப்பவர் கணக்குப்பிள்ளையா, முதலாளி மகனா என்று பெயர் குறித்து, பண்டிகை நாட்களைக் கழித்து, பதினைந்து வேலை நாள் கேட்கலாம். தொகை, வரி, சரக்கு எண்ணிக்கை தப்பினால் பணம் நிற்கும். பில்லில் கடை முத்திரை கோணலாக இருந்தால் திருத்தச் சொல்லிவிட்டுப் பணத்தைக் கொடுத்துவிட வேண்டும். நிறுவனத்துக்கும் சம்பள நாள் உண்டு.

இரண்டு பிரதியும் முரண்பட்டால் ஆங்கிலமே செல்லும் என்று ஆவணத்தில் இருந்தால், ஏற்புச் சோதனைக்கு மட்டும் தமிழ் இணைப்பே செல்லும் என்று ஒரு வரியை ஆங்கிலத்திலேயே சேர்த்து, அதன் கீழும் ஒப்பம் வாங்கிக்கொள்ளுங்கள்.