எண் சரி, பெயர் சரியா?

வீட்டில் தம்ரூட்டும் ஊறுகாயும் செய்து வாட்ஸ்அப் பிசினஸ் வழியாக வெளியூர்களுக்கு அனுப்பும் சகோதரிகள் நம் மஹல்லாவில் பலர் உள்ளனர். முகம் தெரியாதவரிடம் முன்பணம் அனுப்ப வாங்குபவர் தயங்குவது இயல்பு. அந்தத் தயக்கத்தைப் போக்க, சுயவிவரப் பகுதியில் பதிவு எண்ணைப் போடச் சொல்கிறோம்.

உணவு விற்பவருக்கு முதலில் வேண்டியது FSSAI எண். அதில் 14 இலக்கங்கள் இருக்கும். சிறிய அளவில் செய்பவருக்குக் கிடைக்கும் பதிவு எண் 2 என்றும், பெரிய நிறுவனங்களுக்கான உரிம எண் 1 என்றும் தொடங்கும். பதிவு மட்டும் பெற்றவர் "லைசென்ஸ் பெற்றது" என்று எழுதக் கூடாது. உத்யம் சான்று சிறுதொழில் பதிவு மட்டுமே. உணவு விற்க அது அனுமதி ஆகாது.

எண்ணைப் போட்டால் மட்டும் போதாது. அதை வைத்து வாங்குபவர் foscos.fssai.gov.in தளத்தில் FBO Search பகுதியில் தேடிப் பார்க்கலாம். ஒரு சகோதரியின் நிலையை எண்ணிப் பாருங்கள். சுயவிவரத்தில் கடைப் பெயர் இருக்கிறது. பதிவு அவருடைய பெயரில் இருக்கிறது. பணம் அனுப்பும்போது திரையில் கணவர் பெயர் வருகிறது. மூன்றும் வேறு வேறாக இருந்தால், எண் உண்மையாக இருந்தும் சந்தேகம்தான் வரும். சுயவிவரத்தில் கடைப் பெயருக்குக் கீழே பதிவில் உள்ள பெயரையும், பணம் யார் பெயரில் வரும் என்பதையும் எழுதிவிட்டால் சந்தேகம் நீங்கும். முடிந்தால் தம் பெயரிலேயே கணக்கு வைப்பது இன்னும் நல்லது.

ஜிஎஸ்டி பதிவு உள்ளவர்கள் அந்த 15 எழுத்து எண்ணையும் காட்டலாம். தமிழ்நாட்டுப் பதிவு 33 என்று தொடங்கும். அடுத்த 10 எழுத்துகள் உரிமையாளரின் பான் எண். gst.gov.in தளத்தில் Search Taxpayer பகுதியில் தேடினால் சட்டப்படியான பெயர், வணிகப் பெயர், பதிவு நடப்பில் உள்ளதா என்ற விவரம், தொழில் நடக்கும் முகவரி ஆகியவை தெரியும். வீட்டு முகவரியில் பதிவு செய்தவர்கள் இதை அறிந்தே முடிவு செய்ய வேண்டும். பதிவு இல்லாதவர் ஜிஎஸ்டி என்று சொல்லி வரி வசூலிக்கக் கூடாது. உறவினரின் எண்ணைக் கடன் வாங்கிப் போடவும் கூடாது.

சான்றிதழின் படத்தை அப்படியே போட வேண்டாம் என்பதே எங்கள் ஆலோசனை. அதில் முகவரியும் சில சமயம் கைபேசி எண்ணும் இருக்கும். அந்தப் படத்தை எடுத்துப் பெயரை மாற்றி வேறொருவர் ஏமாற்றவும் கூடும். எண்ணை எழுத்தாகப் போட்டால், வாங்குபவர் அதை அரசுத் தளத்தில் சரிபார்த்துக்கொள்வார்.

வாங்கும் குடும்பங்களுக்கும் ஒரு வார்த்தை: பதிவு உண்மை என்பதால் பொருள் தரமாக இருக்கும், குறித்த நாளில் வரும் என்று ஆகிவிடாது. முதல் முறை சிறிய அளவில் வாங்கிப் பாருங்கள்.