பொட்டலில் ஓர் ஏரி

வெயிலில் வெடித்துக் கிடக்கும் பொட்டல்வெளி. நடுவே ஒரு வேலமரம், தொலைவில் ஒரு குன்று. இப்படியொரு ஒளிப்படத்தில் ஏரியைச் சேர்க்க நினைப்பவர்கள் பெரும்பாலும் ஒரே வேலையைத்தான் செய்கிறார்கள். கரைக்கு மேலே உள்ளதை அப்படியே நகலெடுத்து, ஃபோட்டோஷாப்பில் Flip Vertical கொடுத்துக் கீழே ஒட்டிவிடுகிறார்கள். மரம் சரியாகவே அமைகிறது. குன்றுதான் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

முதலில் தேட வேண்டியது கண்மட்டக் கோட்டை. கேமரா இருந்த உயரமே படத்தின் தொடுவானம். 1.5 மீட்டர் உயரத்திலிருந்து எடுத்த படமானால், சமதரையில் நிற்கும் பெரியவர்கள் அருகில் இருந்தாலும் தொலைவில் இருந்தாலும் அந்தக் கோடு அவர்களின் கழுத்தருகே செல்லும். ஆட்கள் இல்லையென்றால், நேராகப் போகும் வண்டித்தடத்தின் இரு ஓரங்களையும் நீட்டிப் பார்க்கலாம். அவை சேரும் இடம் அந்தக் கோட்டில்தான் இருக்கும்.

கடலைச் சேர்த்தால் நீர் அந்தக் கோடுவரை ஏற வேண்டும். 1997இல் வெளிவந்த 'டைட்டானிக்' படத்துக்கு மெக்சிகோவின் ரொசாரிட்டோ கடற்கரையில் பெரிய நீர்த்தொட்டி கட்டியது இதற்காகத்தான்: தொட்டி நீரும் அதன் பின்னாலிருந்த பசிபிக் கடலும் கேமராவில் ஒன்றாகத் தெரிந்தன. ஏரி அப்படியல்ல. அதன் அக்கரை கோட்டுக்குக் கீழேயே நின்றுவிடும்.

இனி பிம்பம். ஒவ்வொரு பொருளும் அது நீர்மட்டத்தைத் தொடும் இடத்தை அச்சாகக் கொண்டுதான் தலைகீழாகும். நம் படத்தில் அக்கரை 30 மீட்டர் தள்ளி இருக்கிறது, கண்மட்டக் கோட்டுக்கு 100 பிக்சல் கீழே அமைகிறது என்று வைத்துக்கொள்வோம். கரையில் நிற்கும் 5 மீட்டர் மரம் ஏறத்தாழ 333 பிக்சல் உயரம் இருக்கும். அதன் பிம்பமும் அதே நீளம். குன்று 100 மீட்டர் உயரம், 2 கிலோமீட்டர் தொலைவு. அதன் உச்சி கோட்டுக்கு மேலே 98 பிக்சலில் தெரியும். பிம்பத்தின் உச்சியோ கோட்டுக்குக் கீழே 101 பிக்சலில் விழும். அக்கரை நிற்பது 100இல். ஆக, குன்றின் பிம்பம் ஒரு பிக்சல் அளவே எட்டிப்பார்க்கும், மீதியைக் கரை மறைத்துவிடும். மொத்தமாகக் கவிழ்த்து ஒட்டிய படத்திலோ அது கரைக்குக் கீழே 200 பிக்சல்வரை நீண்டு கிடக்கும்.

ஆகவே மரம், குன்று, வானம் மூன்றையும் தனித்தனி அடுக்குகளாகப் பிரித்து, அதனதன் அச்சில் கவிழ்க்க வேண்டும். பிறகு Motion Blur-ஐ 90 பாகைக் கோணத்தில் லேசாகக் கொடுத்தால், சிற்றலையில் பிம்பம் செங்குத்தாக இழுபடுவது போல வரும்.

பிம்பத்தின் அழுத்தமும் எங்கும் ஒன்றாக இருக்கக் கூடாது. நேர் கீழே பார்க்கும்போது நீர் திருப்பி அனுப்புவது 2 சதவீத ஒளியை மட்டுமே. பார்வை சாயச் சாய அது கூடும். அதனால் அக்கரைப் பக்கம் பிம்பம் அழுத்தமாகவும், காலடியில் அது மங்கி நீரின் சொந்த நிறமோ அடிமண்ணோ தெரியும்படியும் மாஸ்க் போட வேண்டும்.

வேலை முடிந்ததும் குன்றின் பிம்பத்தை ஒருமுறை அளந்து பாருங்கள். அது குன்றின் அளவுக்கே முழுதாகத் தெரிந்தால், ஏரி இன்னும் படத்தில் உட்காரவில்லை.